நான்கு பைல்களுக்கு ஒரு கெப்: கொங்கிறீற்றும் கம்பியும் கணக்கெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கட்டட வேலைகளில் அளவுக் கணக்குப் பார்க்கும்போது மேற்பார்வையாளர்களும் கம்பி வேலைக்காரர்களும் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதில்களும் ஒரே கெப்பைத்தான் எடுத்துக்கொள்கின்றன: நிலத்தைத் துளைத்து ஊற்றிய, 500 மி.மீ. விட்டமுள்ள நான்கு பைல்கள், அவற்றின் மேல் 2300 × 2300 மி.மீ. சதுரமும் 1100 மி.மீ. ஆழமும் கொண்ட கெப், அதன் நடுவில் ஒரு தூண்.

பைல் கெப் அத்திவாரக் கணக்கா, பைல் கணக்கா? எதை எதோடு சேர்ப்பது?

தூணின் பாரத்தை வாங்கி நான்கு பைல்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கட்டியே கெப். பைலின் தலையைக் கொத்தி இறக்கிய மட்டத்தில் பைல் கணக்கு முடிகிறது. அந்த மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு கெப்புக்குள் போகும் பைல் கம்பிகள் பைல் கூட்டோடு சேர்த்து வெட்டப்பட்டவை என்பதால் அவை பைல் கணக்கிலேயே இருக்கட்டும். அவற்றைக் கெப்பிலும் எழுதினால் ஒரே கம்பிக்கு இரண்டு முறை காசு போகும்.

கெப்பிலிருந்து மேலே எழும் தூண் கம்பிகளை நான் கெப் கணக்கில் சேர்க்கிறேன், ஏனென்றால் கெப் ஊற்றும் நாளுக்கு அவை வேலையிடத்தில் இருந்தாக வேண்டும். தூண் கணக்கில் எழுதுவதும் பிழையில்லை. எந்தப் பக்கம் எழுதினாலும் முதல் தாளிலேயே அதைக் குறிப்பிட்டுவிட வேண்டும்.

வரைபடம் இன்னும் வரவில்லை. பைலின் விட்டம் மட்டும்தான் தெரியும். 2300-உம் 1100-உம் எங்கிருந்து வருகின்றன?

பைல்களின் நடுவுக்கு நடு இடைவெளியை விட்டத்தின் மூன்று மடங்காக எடுப்பது வழக்கம்; இங்கே அது 1500 மி.மீ. அதோடு இரு பக்கத்துப் பைல்களின் பாதி விட்டங்களாக 500-ஐயும், பைலின் வெளிமுகத்துக்கு அப்பால் பக்கத்துக்கு 150 வீதம் 300-ஐயும் கூட்டினால் 2300 வருகிறது. ஆழத்துக்கு, 550 மி.மீ. வரையான பைல்களில் விட்டத்தின் இரண்டு மடங்கோடு 100-ஐக் கூட்டும் பழைய கைவிதி இருக்கிறது. 500 பைலுக்கு அது 1100 தரும்.

இவை முதல் மதிப்பீட்டுக்கு மட்டுமே. பாரமும் வெட்டு விசையும் பார்த்துப் பொறியியலாளர் வரைந்து கொடுத்ததும் இந்த எண்களை விட்டுவிட்டு வரைபடத்தின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கொங்கிறீற்று வந்துவிடாதா?

ஏறக்குறைய வந்துவிடும். 2.3 × 2.3 × 1.1 = 5.82 கன மீற்றர். ஆனால் நான்கு பைல் தலைகளும் 75 மி.மீ. உயரத்துக்குக் கெப்புக்குள் ஏறி நிற்கின்றன. ஒரு பைலின் முகப் பரப்பு 0.196 சதுர மீற்றர் என்பதால் நான்குக்கும் 4 × 0.196 × 0.075 = 0.06 கன மீற்றர் கழிகிறது. மிஞ்சுவது 5.76 கன மீற்றர். கம்பி பிடிக்கும் இடத்தை நாம் கழிப்பதில்லை.

அந்தக் கழிவு நூற்றுக்கு ஒன்றுதான். என்றாலும் அதை எழுதிக் காட்டச் சொல்வேன், ஏனென்றால் 75 என்ற எண் அடிக்கம்பி எந்த உயரத்தில் உட்காருகிறது என்பதையும் தீர்மானிக்கிறது; பின்னால் வெட்டு நீளம் பார்க்கும்போது அது மறுபடியும் வரும்.

அடியில் போடும் ஸ்கிறீட் கொங்கிறீற்றும் இதற்குள் அடங்குமா?

அடங்காது. அது கெப்பின் ஆழத்துக்குக் கீழே, தனித் தரத்தில் போடப்படுவது. பலகை நிறுத்துவதற்கு இடம் வேண்டும் என்பதால் பக்கத்துக்கு 100 மி.மீ. கூட்டி 2.5 × 2.5 × 0.075 என்று எடுத்தால் 0.47 வரும், ஸ்கிறீட்டை ஊடுருவி நிற்கும் நான்கு பைல்களுக்கு 0.06 கழித்தால் 0.41 கன மீற்றர்.

சேர், எங்களுக்குக் கன மீற்றர் சரிவராது. எத்தனை கியூப் மணல், எத்தனை கியூப் கல், எத்தனை பை சீமெந்து என்று சொல்லுங்கள்.

ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். நம் கெப்பின் 5.76 கன மீற்றரும் 203 கன அடிதான். ஆனால் இரண்டு கியூப் கொங்கிறீற்றுக்கு இரண்டு கியூப் சாமான் இறக்கினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. கல்லின் இடுக்குகளை மணலும், மணலின் இடுக்குகளைச் சீமெந்தும் நிரப்புவதால், உலர்ந்த சாமான்களைக் கூட்டிப் பார்த்தால் ஊற்றிய கொங்கிறீற்றைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும்.

சேதாரத்துக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டினால் கலக்க வேண்டியது 6.05 கன மீற்றர். 1 : 1½ : 3 கலவையில் ஒரு கன மீற்றருக்கு 50 கிலோ சீமெந்து 8 பை, மணல் 0.42 கன மீற்றர், கல் 0.84 கன மீற்றர் என்று வைத்தால், மொத்தம் 49 பை சீமெந்து, 0.9 கியூப் மணல், 1.8 கியூப் கல். ஒரு கியூப் மணலும் இரண்டு கியூப் கல்லும் இறக்குங்கள். மழையில் நனைந்த மணல் உப்பி நின்று அளவில் ஏமாற்றும் என்பதால் மிச்சமாகத் தெரியும் அந்தச் சிறு பங்கைக் குறைக்க வேண்டாம்.

ஒரு பைக்கு ஒரு கலவை, ஒரு கலவைக்கு 6 நிமிடம் என்றால் 49 கலவைக்கு ஐந்து மணித்தியாலம் ஆகும். கெப்பின் நடு ஆழத்தில் ஊற்றுவதை நிறுத்தி மறுநாள் தொடர்வது பொறியியலாளர் ஒப்புக்கொண்டாலன்றிச் செய்யக் கூடாத வேலை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கத்தில் பின்னேரம் இடியோடு மழை இறங்கும். எனவே காலை 6 மணிக்கு மிக்சரைத் தொடங்கிவிடுகிறோம்.

கணக்கெல்லாம் சரி, ஆனாலும் ஊற்றும்போது கொங்கிறீற்று போதாமல் போனது. எங்கே பிழைத்தது?

முதலில் குழியை அளந்து பாருங்கள். கொட்டகலைப் பக்கத்தில் நான் பார்த்த ஒரு வேலையில், வெட்டிய மண் செங்குத்தாக நன்றாக நிற்கிறது என்று சொல்லிப் பலகை அடிக்காமல் மண் முகத்துக்கே ஊற்றத் தொடங்கினார்கள். 2300-க்குப் பதில் குழி 2400 இருந்தது. பக்கத்துக்கு 50 மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 2.4 × 2.4 × 1.1 = 6.34 கன மீற்றர். கெப்பைவிட அரைக் கன மீற்றருக்கு மேல் கூடுதல். நாங்கள் சேதாரம் என்று கூட்டியிருந்த 0.29 அதில் கரைந்து, மேல் 40 மி.மீ. அளவுக்குக் குறைந்து நின்றது. மலைப்பாதையில் அந்த நேரத்துக்கு இன்னொரு லொறி சாமான் வராது. பக்கத்துக் கடையில் சில்லறையாகச் சீமெந்து வாங்கி, மற்ற வேலைக்கு வைத்திருந்த மணலையும் கல்லையும் கலந்து முடித்தோம்.

அதைவிட மோசம், மண் முகத்துக்கு ஊற்றும்போது கம்பிக்கு வெளியே நிற்கும் கொங்கிறீற்றுத் தடிப்பான மூடல் எவ்வளவு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பலகையோ சீமெந்துக் கல் சுவரோ வைத்து அடைக்க முடிந்த இடத்தில் அதைச் செய்யுங்கள். முடியாத இடத்தில், குழியின் நீள அகலங்களை மூன்று உயரங்களில் அளந்து சராசரியில் கொங்கிறீற்றைக் கணக்கெடுங்கள்.

அடிக்கம்பி 20 மி.மீ., 200-க்கு ஒன்று என்று இருக்கிறது. 2300-ஐ 200-ஆல் வகுத்தால் 11.5 வருகிறது. 11-ஆ, 12-ஆ?

12 சரியான விடைதான். ஆனால் வகுக்க வேண்டியது 2300-ஐ அல்ல. இரு பக்கமும் 75 மி.மீ. மூடலைக் கழித்து, முதல் கம்பியின் நடுவிலிருந்து கடைசிக் கம்பியின் நடு வரை பார்க்க இன்னும் ஒரு கம்பித் தடிப்பையும் கழிக்க வேண்டும்: 2300 − 150 − 20 = 2130. அதை 200-ஆல் வகுத்தால் 10.65. இடைவெளி அரைகுறையாக இருக்க முடியாது என்பதால் 11 இடைவெளி. 11 இடைவெளிக்கு 12 கம்பி. இரு திசைக்கும் 24. வகுத்து வந்ததையே எண்ணிக்கையாக எடுத்துவிட்டு அந்த ஒன்றைக் கூட்ட மறப்பதுதான் நான் அதிகம் கண்ட பிழை. நம் கெப்பில் ஏதோ ஒரு வழியில் 12 வந்துவிட்டாலும் அடுத்த கெப்பில் அப்படி வராது.

ஒரு கம்பியை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது? 2150 போதும் என்கிறார் கம்பி பாஸ்.

நேர்க்கம்பி போதாது. நான்கு பைல்களும் வெளிப்பக்கம் விரிய முயல்வதை இழுத்துப் பிடிப்பதே அடிக்கம்பியின் வேலை. இழுவை பைலுக்கு மேலே வந்த பிறகும் முழு அளவில் இருக்கிறது. பைலின் நடுவுக்கு அப்பால் கம்பிக்கு மிஞ்சும் தூரமோ 400 மி.மீ., அதிலும் 75 மூடலுக்குப் போகிறது. கம்பி வழுக்காமல் பிடிக்க அந்த நீளம் போதாது என்பதால் இரு முனைகளையும் மேல்நோக்கி வளைத்து ஏற்றுகிறோம்.

கம்பி பைல் தலைக்கு மேலே உட்கார வேண்டும். தலை 75 உயர்ந்திருக்கிறது, அதற்கு மேல் 25 இடைவெளி. ஆகக் கெப்பின் அடியிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் கம்பி தொடங்குகிறது. மேலே 75 மூடல் விட்டால் 925 மிஞ்சும். நாங்கள் காலின் உயரத்தை 900 என்று வைக்கிறோம். வெளி அளவுகளைக் கூட்டினால் 900 + 2150 + 900 = 3950. வளையும் இடத்தில் கம்பி மூலையைச் சுற்றிப் போகாமல் குறுக்கே போவதால் வெட்டு நீளம் அதைவிடக் குறையும். பிரித்தானிய நியமமான பீ.எஸ். 8666 விதிப்படி இந்த வடிவத்துக்கு வளைவின் உள்ஆரையையும், கம்பி விட்டத்தின் இரு மடங்கையும் கழிக்க வேண்டும்: 20 மி.மீ. கம்பிக்கு 70 + 40 = 110. எனவே 3840, அதை 25-இன் மடங்குக்கு ஏற்றி 3850 மி.மீ. என்று வெட்டுங்கள்.

12 மீற்றர் கம்பி மலைக்கு மேலே வராது, 6 மீற்றர்தான் வரும். கணக்கு மாறுமா?

தேவையான எடை மாறாது, வாங்கும் எடை மாறும். 12 மீற்றர் கம்பியில் 3.85 துண்டு மூன்று கிடைத்து 45 செ.மீ. மட்டும் மிஞ்சும், 24 துண்டுக்கு 8 கம்பி போதும். 6 மீற்றர் கம்பியில் ஒரே துண்டு, மிச்சம் 2.15 மீற்றர். 24 கம்பி வாங்க வேண்டும்.

அந்த 2.15 மீற்றரை எறிந்துவிடாதீர்கள். தூண் கம்பியின் வெட்டு நீளத்தைப் பாருங்கள்: கெப்புக்குள் 960, காலுக்கு 300, மேலே, தூணின் அடியில் முதலில் ஊற்றும் சிறு கட்டையான கிக்கரோடு மேற்சேர்க்கைக்கு 875, வளைவைக் கழித்து 2.10 மீற்றர். எட்டுத் தூண் கம்பிகளும் அந்த மிச்சத்திலேயே கிடைக்கின்றன. பிறகும் 16 துண்டு மிஞ்சும். அவற்றை அடுத்த கெப்களின் தூண் கம்பிகளுக்குக் கட்டி வைத்து, எண்ணிக்கையை எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசியில் எத்தனை கிலோ?

ஒரு மீற்றர் கம்பியின் எடை கிலோவில் d²/162. இங்கே d என்பது மி.மீ. விட்டம். 20 கம்பி 2.47, 16 கம்பி 1.58, 12 கம்பி 0.89.

அடிக்கம்பி 24 × 3.85 = 92.4 மீற்றர், 228 கிலோ. மேல்வலை 12 மி.மீ., அதே 200 இடைவெளியில் திசைக்கு 12, கீழ்நோக்கி 300 கால்களோடு துண்டு 2.725 மீற்றர்: 65.4 மீற்றர், 58 கிலோ. பக்கவாட்டு வளையங்கள் நான்கு தட்டு; ஒவ்வொன்றும் 600 மேற்சேர்க்கையோடு இரண்டு பாதிகளாக, பாதி 4.775 மீற்றர்: 38.2 மீற்றர், 34 கிலோ. தூண் கம்பி 20 மி.மீ. எட்டு, 16.8 மீற்றர், 41.5 கிலோ. மேல்வலையைத் தாங்கும் 16 மி.மீ. கதிரைகள் நான்கு, ஒன்று 2.5 மீற்றர், 16 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 378 கிலோ.

கதிரைகள் வரைபடத்தில் பெரும்பாலும் இராது. ஆனால் 860 மி.மீ. உயரத்தில் நிற்கும் வலையை அவை இல்லாமல் எதன் மேல் வைப்பது? எழுதாமல் விட்டால், மூங்கிலோ பலகைத் துண்டோ முட்டுக்கொடுத்து அது கொங்கிறீற்றுக்குள்ளேயே போய்விடும்.

இவ்வளவு கணக்கு எதற்கு, கன மீற்றருக்கு 100 கிலோ என்று போட்டால் ஆகாதா?

நம் கெப்பில் 378 / 5.76 = 66 கிலோ. 100 என்று போட்டிருந்தால் 576 கிலோ வாங்கியிருப்போம், 198 கிலோ கூடுதல். வேறொரு தாழ்ந்த, பாரம் மிகுந்த கெப்பில் அதே 100 குறைந்தும் போகலாம். கன மீற்றர் ஆழத்தோடு நேராக ஏறுகிறது. கம்பியின் பெரும்பகுதி அடியிலும் மேலிலும் தட்டையாகக் கிடக்கிறது. ஆழம் தெரியாமல் சொல்லும் கிலோ எண் எந்தக் கெப்புக்கும் சொந்தமானதல்ல.

ஆழத்தைக் கூட்டினால் கம்பி குறையும் என்று படித்தோமே?

ஓர் எல்லை வரைக்கும் உண்மை. தூணிலிருந்து பைல்களுக்குச் சாய்வாக இறங்கும் அமுக்கமும் அடியில் கம்பியின் இழுவையும் ஒரு முக்கோணச் சட்டமாக நிற்கின்றன. நான்கு பைல் கெப்பில் ஒரு திசையின் மொத்த இழுவை N × s / (4 × d). N தூணின் பாரம், s பைல் இடைவெளி, d கம்பி வரை உள்ள பயனுறு ஆழம். பாதுகாப்புக்காகக் கூட்டிய பாரம் 3500 கிலோநியூட்டன் என்றும், 500 தரக் கம்பிக்கு 0.87 காரணி என்றும் வைத்தால், 1100 ஆழத்தில் (d = 980) 3080 சதுர மி.மீ. கம்பி வேண்டும். ஆழம் 800 ஆனால் (d = 680) 4440 வேண்டும், 15 கம்பி; அதோடு வெட்டு விசையும் கஷ்டம் கொடுக்கும்.

ஆனால் பீ.எஸ். 8110 கேட்கும் குறைந்தபட்சக் கம்பி குறுக்குவெட்டின் 0.13 வீதம், அது ஆழத்தோடு ஏறுகிறது. 1100-இல் அது 0.0013 × 2300 × 1100 = 3290; பாரம் கேட்டதைவிடக் கூடியது. நாம் போட்ட 12 கம்பி 3770 தருவதால் இரண்டும் நிறைவேறுகின்றன. ஆழத்தை 1400 ஆக்கினால் பாரத்துக்கு 2360 போதும், குறைந்தபட்சமோ 4190 ஆகிவிடும், 14 கம்பி வேண்டும். பைல் தலையை ஆழமாகக் கொத்திவிட்டோம், கெப்பைக் கொஞ்சம் தடிப்பாக ஊற்றிக்கொள்கிறோம் என்று சொல்பவர்கள் கொங்கிறீற்று மட்டும் கூடும் என்று எண்ணுகிறார்கள். காலின் உயரம், கதிரை, தூண் கம்பி, அடிக்கம்பியின் எண்ணிக்கை எல்லாமே அதோடு மாறும்.

ஒரு பைல் வெளிப்பக்கம் 120 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. அதே கெப்பை ஊற்றலாமா?

ஊற்றக் கூடாது. துளைத்து ஊற்றும் பைலுக்கு வழமையாக அனுமதிப்பது 75 மி.மீ. விலகல். நம் மலைச் சரிவுகளில் மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் கிடப்பதால், துளைக்கும் கருவி பாறையின் சாய்ந்த முகத்தில் பட்டு வழுக்கிப் பக்கம் போவது உண்டு. 120 போனால் பைலுக்கு வெளியே இருந்த 150-இல் 30 மட்டுமே மிஞ்சும். பாரம் நடுவிலிருந்து விலகியதால் பைல்கள் சமமாகச் சுமக்குமா என்பதைப் பொறியியலாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அது அளவுக் கணக்கில் தீரும் கேள்வியல்ல.

அவர் அந்தப் பக்கம் 120 நீட்டச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். கெப் 2420 × 2300 ஆகும், கொங்கிறீற்று 0.30 கன மீற்றர் கூடும். அந்தத் திசையில் ஓடும் 12 அடிக்கம்பிகளும் 3.975 மீற்றர் ஆகும். குறுக்கே ஓடும் கம்பிகளுக்கு 2420 − 150 − 20 = 2250, 200-ஆல் வகுத்தால் 11.25, எனவே 12 இடைவெளி, 13 கம்பி. அடிக்கம்பியில் மட்டும் 13 கிலோ ஏறும்; மேல்வலையையும் வளையங்களையும் அதே முறையில் மாற்ற வேண்டும்.

12 மீற்றர் கம்பியில் 3.975 துண்டு மூன்று இன்னும் அடங்கும், 11.925. ஆனால் கம்பி ஏற்கெனவே 3.85-க்கு வெட்டப்பட்டிருந்தால் அந்த 12 துண்டுகளும் அந்தத் திசைக்கு உதவாது. எனவே பைல் தலைகளைக் கொத்தி இறக்கி, நான்கின் நடுக்களையும் நூல் பிடித்து அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு எழுதிய பிறகே வெட்டும் பட்டியலைக் கம்பி பாஸிடம் கொடுக்கிறேன்.